அந்த ‘தர்ட்டி’ யார் தப்பு?

சென்னையில் நடுத்தரமான ஒரு யுனிசெக்ஸ் சலூன். ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின சனிக்கிழமை. ஆறு நாற்காலியும் நிரம்பி, சோபாவில் நாலு பேர் காத்திருந்தார்கள். மூன்று டிரையர்கள் ஒரே நேரத்தில் இரைந்துகொண்டிருந்தன. சீனியர் ஸ்டைலிஸ்ட் ஒரு நாற்காலியில் ஹேர்கட் செய்துகொண்டே, அடுத்த நாற்காலிக்கான கலரை ஜூனியர் பெண்ணிடம் சொன்னார். “ஃபைவ் எடுத்துக்கோ, ரூட் மட்டும். தர்ட்டி போதும்.”

அவர் சொன்ன தர்ட்டி, நிமிடக் கணக்கு. முப்பது நிமிடம் வைத்தால் போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் மனதில் இருந்தது. ஜூனியர் காதில் விழுந்தது முப்பது வால்யூம் டெவலப்பர். அவள் கலர் ரூமுக்குப் போய் 30 வால்யூம் பாட்டிலை எடுத்துக் கலந்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்துத் தலையை அலசியபோது, வாடிக்கையாளரின் முடி அடர் பிரவுனாக இருக்க, வேர்ப்பகுதி மட்டும் செம்புக் கம்பி போல மின்னியது. சீனியர் கண்ணாடியில் பார்த்தார். திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, “என்ன கலந்த நீ? உன்னை நம்பி ஒரு வேலை கொடுக்க முடியுமா?” என்றார். அந்தப் பெண் பதில் சொல்லாமல் டவல் மடிக்கப் போய்விட்டாள். திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. கூட இருந்த இரண்டு ஜூனியர்களும், “நாங்களும் நின்னுடறோம் மேடம்” என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டார்கள்.

பல வருடங்கள் சலூன்களில் வேலை பார்த்து, இப்போது பயிற்சி கொடுக்கப் போய்வருகிறவன் நான். இந்த மாதிரி அழைப்பு எனக்கு வருவது புதிதில்லை. உரிமையாளர்கள் கேட்பதும் எப்போதும் ஒரே கேள்விதான். “சார், ரெண்டு பேர்ல யாரை வெச்சுக்கறது?” அந்தக் கேள்வியை எடுத்த உடனே கேட்டால் பதில் தப்பாகத்தான் வரும். இந்தக் கடையில் என்ன செய்தோம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் முடியைப் பார்

கலர் கெட்டுப்போனால் ஆளை விசாரிப்பதற்கு முன்னால் முடியை விசாரிக்க வேண்டும். முடிக்கு யார் சீனியர், யார் ஜூனியர் என்று தெரியாது; நடந்ததை அப்படியே காட்டிவிடும்.

டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. 20 வால்யூம் என்றால் அதில் 6 சதவீதம், 30 வால்யூம் என்றால் 9 சதவீதம். நரையை மறைக்கும் வேலைக்குப் பொதுவாக 20 வால்யூம்தான். 30 வால்யூம் முடியின் இயற்கை நிறத்தை இன்னும் அதிகமாக வெளிறச் செய்யும். நம் ஊர்க் கறுப்பு முடியை வெளிற வைத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் சிவப்பும் ஆரஞ்சும் வெளியே வரும். போதாததற்கு, தலைத்தோலின் சூடு வேர்ப்பகுதியில் கலரை வேகமாக வேலை செய்ய வைக்கும். அதனால் தப்பு நடந்தால் வேர்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

கெட்டுப்போன கலருக்கு ஒவ்வொரு விதமான அடையாளம் உண்டு. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் திட்டுத் திட்டாக நிறம் ஏறாமல் இருந்தால், பிரஷ் அங்கே சரியாகப் போகவில்லை. அது கை வேலையில் வந்த குறை. கோடு கோடாக இருந்தால், வகிடு தடிமனாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நுனி மட்டும் கருகருவென்று இருந்தால், ஏற்கெனவே கலர் போட்ட முடியின் மேல் தேவையில்லாமல் இழுத்துவிட்டிருக்கிறார்கள். தலை முழுக்க வேர் ஒரே சீராகச் செம்பு நிறத்தில் இருந்தால், பூசிய கை மேல் குறை இல்லை. கிண்ணத்துக்குள் போன கலவையில்தான் குறை.

இந்தக் கடையில் எடுத்திருந்த போட்டோவில் வேர் ஒரே சீராக இருந்தது. நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரு திட்டு இல்லை. அதாவது, ‘உன்னை நம்பி வேலை கொடுக்க முடியுமா’ என்று கேட்கப்பட்ட அந்தப் பெண், இருபத்தொரு வயதில், பிரஷ் வேலையை நேர்த்தியாகச் செய்திருக்கிறாள். தப்பான பாட்டிலைத்தான் எடுத்திருக்கிறாள். இதை உரிமையாளரிடம் காட்டியபோதே விவகாரத்தின் சூடு பாதி இறங்கிவிட்டது. இனிமேல் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பாட்டில் ஏன் கைக்கு வந்தது?

செவ்வாய்க்கிழமை பேச்சு

சமாதானப் பேச்சுக்கு நேரமும் இடமும் முக்கியம். சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு, பத்து மணி நேரம் நின்ற காலோடு யாரிடமும் நியாயம் பேசக் கூடாது. நல்ல வேளையாக நம் ஊரில் செவ்வாய்க்கிழமை முடி வெட்டிக்கொள்ள ஆள் வருவது குறைவு. பழைய சலூன்களுக்கு அதுதான் வார விடுமுறை. யுனிசெக்ஸ் கடைகள் திறந்திருந்தாலும் கூட்டம் இருக்காது. அந்தப் பெண்ணைச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னோம். கடைக்குள் வேண்டாம் என்று மேல்மாடியில் இருந்த ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தோம்.

முதலில் இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன், ஜூனியரிடம் முதலில். சீனியர் முதலில் பேசிவிட்டால், ஜூனியர் பிறகு வந்து “அண்ணா சொன்னது சரிதான்” என்பதோடு முடித்துக்கொள்வாள். அல்லது அழுவாள். இரண்டிலும் உண்மை வெளியே வராது.

கேள்வியையும் பார்த்துக் கேட்க வேண்டும். “ஏன் அப்படிப் பண்ணின?” என்று கேட்டால், எவருமே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார்கள். நான் அவளிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். உன் காதில் என்ன விழுந்தது? அதை வைத்து என்ன செய்தாய்? எந்த இடத்திலாவது உனக்குச் சந்தேகம் வந்ததா?

மூன்றாவது கேள்விக்கு அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்.

“பாட்டில் எடுக்கும்போதே வந்துச்சு சார். நரைக்கு ட்வென்டிதானேன்னு தோணுச்சு. போன வாரம் ஒரு தடவை திருப்பிக் கேட்டதுக்கு, ‘ஒரு தடவை சொன்னா ஏறாதா’ன்னு கஸ்டமர் முன்னாடி கேட்டாங்க. அதான் கேட்கலை.”

இன்னொன்றும் சொன்னாள். கலர் பூசிப் பதினைந்து நிமிடத்தில் வாடிக்கையாளர், “லேசா சுரீர்னு இருக்கும்மா” என்றிருக்கிறார். அவள் போய் “அண்ணா” என்று கூப்பிட்டிருக்கிறாள். அவர் திரும்பாமலே, “இரு, வர்றேன்” என்றிருக்கிறார். வரவில்லை. அவள் மறுபடி கூப்பிடவும் இல்லை, தானாக அலசவும் இல்லை.

சீனியரிடம் கேட்ட கேள்விகள் வேறு. வாயிலிருந்து வந்த சொல் அப்படியே என்ன? கலவையைக் கண்ணால் பார்த்தீர்களா? அந்த நாற்காலிக்கு எத்தனை மணிக்குத் திரும்பிப் போனீர்கள்?

அவர் மறைக்கவில்லை. “தர்ட்டின்னு சொன்னேன். நிமிஷம்னு சொன்னேனான்னு ஞாபகம் இல்லை. கலவையைப் பார்க்கலை. நடுவுல ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கணும், போகலை. அன்னிக்கு எனக்கு ஒரே நேரத்துல மூணு சேர் சார்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அந்த அம்மா ஏழு வருஷமா எங்கிட்டதான் வர்றாங்க. வேற யார் கையும் படக் கூடாதும்பாங்க. கண்ணாடியில அந்த வேரைப் பார்த்ததும் எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு” என்றார்.

இந்தக் கடைசி வாக்கியத்தை ஜூனியர்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. கடையின் பெயர் கெட்டால் உரிமையாளருக்கு நஷ்டம். அந்தக் கலர் கெட்டால் சீனியருக்கு ஏழு வருட உறவு நஷ்டம். அவர் கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். அது கத்தியதை நியாயப்படுத்தாது. ஆனால் அது தெரிந்தால்தான் பேச்சு நகரும்.

பிறகு இருவரையும் எதிரெதிரே உட்கார வைக்காமல், ஒரே பக்கம் உட்கார வைத்து, அன்றைக்கு நடந்ததை ஒரு தாளில் நேர வரிசையாக எழுதினேன். சொன்னது, கலந்தது, பூசியது, சுரீர் என்றது, கூப்பிட்டது, அலசியது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ‘இங்கே தடுத்திருக்க முடியுமா?’ என்று கேட்டோம். ஆறு வரியில் நாலு இடத்தில் தடுத்திருக்கலாம். இரண்டு இடம் சீனியருடையது: அளவையும் நேரத்தையும் பிரித்துச் சொல்லாதது, கூப்பிட்டபோது போகாதது. ஒன்று ஜூனியருடையது: சந்தேகம் வந்தும் கேட்காதது. நாலாவது உரிமையாளருடையது. ஒரே ஆளுக்கு மூன்று நாற்காலியில் ஒரே நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் கொடுத்தது அவர்தான். அந்த அம்மா தாளைப் பார்த்துவிட்டுத் தானே அதில் தன் பெயரை எழுதினார்.

சீனியர் அந்தப் பெண்ணிடம், “கலவை தப்புன்னு சொன்னது சரி. ஆனா எல்லார் முன்னாடியும் அப்படிக் கேட்டது தப்பும்மா” என்றார். மன்னிப்பு இப்படித்தான் இருக்க வேண்டும். எதற்கு என்று சொல்லாமல் பொத்தாம் பொதுவாக “சரி, மறந்துடு” என்று முடித்தால், கேட்பவருக்கு அது இன்னொரு உத்தரவு போலத்தான் இருக்கும்.

வாய்ச் சொல்லும் சீட்டும்

பேச்சில் மனம் லேசாகும். அடுத்த சனிக்கிழமை டிரையர் சத்தத்தில் மறுபடி யாராவது “தர்ட்டி” என்றால் இதே கதைதான். நம் சலூன்களில் இந்த ஆபத்து இப்போது கூடியிருக்கிறது. முன்பு அப்பா கடையில் மகனோ, மாமா கடையில் மருமகனோ பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். பாதி விஷயம் கண்ணசைவிலேயே புரிந்துவிடும். இன்றைக்கு ஒரே கடையில் விழுப்புரத்துப் பெண்ணும், மணிப்பூர் பையனும், மதுரை மாஸ்டரும் வேலை செய்கிறார்கள். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் கலந்த ஒரு மொழியில், சத்தத்துக்கு நடுவே, ரசாயனத்தின் அளவு வாய்வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அதற்கு அந்தக் கடையில் ஒரு சின்னச் சீட்டு போட்டோம். உள்ளங்கை அளவு. கலர் வேலை எதுவானாலும் சீனியர் தன் கையால் எழுத வேண்டும். அன்றைக்குச் சீட்டு இருந்திருந்தால் அதில் இப்படி இருந்திருக்கும்: ஷேட் 5, 40 கிராம். டெவலப்பர் 20 வால்யூம், 60 கிராம். வேர் மட்டும். வைத்தது 11.40. பார்ப்பது 12.00. எடுப்பது 12.10. சொன்னவர் பெயர், கலந்தவர் பெயர். எழுத அரை நிமிடம்கூட ஆகாது. கலவை விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், ‘கொஞ்சம்’, ‘ரெண்டு அழுத்து’ என்ற கணக்கெல்லாம் இல்லாமல் தராசில் கிராம் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சீட்டோடு மூன்று வழக்கங்களும் வந்தன. முதலாவது, சீட்டை வாங்குகிறவர் அதை வாய்விட்டுத் திருப்பிப் படிக்க வேண்டும், அலகோடு: “ட்வென்டி வால்யூம், தர்ட்டி மினிட்ஸ்.” வெறும் எண்ணைச் சொல்வது அந்தக் கடையில் இப்போது தடை. திருப்பிப் படிப்பது எல்லோருக்கும் கட்டாயம் என்று ஆனதும், சந்தேகம் கேட்பது திமிராகத் தெரிவது நின்றுபோனது. முன்பு கேட்டால் ‘ஏறாதா’ என்ற திட்டு. இப்போது கேட்காவிட்டால்தான் கேள்வி.

இரண்டாவது, எடுத்த டெவலப்பர் பாட்டிலைக் கலவைக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே, தலையை அலசும் வரை வைத்திருப்பது. சீனியர் மூன்று நாற்காலியில் இருந்தாலும், அந்தப் பக்கம் நடக்கும்போது லேபிள் கண்ணில் படும். அன்றைக்கு 30 என்ற எண் டிராலியில் தெரிந்திருந்தால், பூசுவதற்கு முன்பே அவர் நிறுத்தியிருப்பார்.

மூன்றாவது வழக்கத்துக்குச் சீனியர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர் எரிகிறது, சுரீர் என்கிறது என்று சொன்னால், எந்த ஜூனியரும் யாரையும் கேட்காமல் உடனே அலசலாம்; அதற்காக அவரை யாரும் எதுவும் சொல்லக் கூடாது. “அப்போ பாதி கலர்ல எல்லாத்தையும் அலசிட்டா?” என்று அவர் கேட்டார். பாதியில் அலசிய கலரை இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம். புண்ணாகிப்போன தலைத்தோலோடு ஒருவர் வீட்டுக்குப் போனால் அதைத் திரும்பப் போட முடியாது. அவருக்கும் அது தெரியும், தலையாட்டினார்.

இதே காரணத்தால்தான் அந்த வாடிக்கையாளருக்கு அன்றைக்கே கலரைச் சரி செய்யவில்லை. சீனியர் கோபப்பட்டாலும் தொழில் தெரிந்தவர். சுரீர் என்ற தலைமேல் இன்னொரு கலவையை ஏற்றாமல், வேரை மறைக்கும் பவுடர் போட்டு ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு அனுப்பி வைத்தார். பத்து நாள் கழித்து, கையில் பேட்ச் டெஸ்ட் போட்டு 48 மணி நேரம் பார்த்துவிட்டு, அதே அடர்த்தியில் கொஞ்சம் சாம்பல் சாயல் சேர்த்த ஷேடை 10 வால்யூமில் வேரில் மட்டும் போட்டார். செம்பு நிறம் அடங்கியது. அதற்குக் காசு வாங்கவில்லை.

தப்பு தெரியவந்த நிமிடத்தில் வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது என்பதையும் ஒரே வாக்கியமாக முடிவு செய்துகொண்டார்கள். “எங்க பக்கம் தப்பு ஆயிடுச்சு மேடம், நாங்களே சரி பண்ணித் தர்றோம்.” யார் என்ற பேச்சு நாற்காலிக்குப் பக்கத்தில் வரவே கூடாது. ஜூனியரைத் திட்டினால் வாடிக்கையாளர் சமாதானமாகிவிடுவார் என்று பல சீனியர்கள் நினைக்கிறார்கள். நாற்காலியில் இருப்பவர் காதில் அது வேறு மாதிரி விழுகிறது: ‘அப்போ என் தலையை எதுக்கு இந்தப் பொண்ணுகிட்ட கொடுத்தீங்க?’

பில்லில் யார் பெயர்?

திட்டு வாங்குவது ஒரு குறை. யாருமே கண்டுகொள்ளாதது இன்னொரு குறை. ஸ்டோர் ரூமில் மற்ற இரண்டு ஜூனியர்களிடமும் பேசியபோது, அவர்கள் திட்டைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. ஒரு பையன் சொன்னான்: “நாலு மாசமா அவர் சேருக்கு நான்தான் சார் கலர் போடறேன். ஒரு பில்லுலயும் என் பேர் வந்ததில்லை.”

சலூன் பில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இந்த வலி புரியும். ஒவ்வொரு வேலையும் பில்லில் ஒரு ஸ்டைலிஸ்ட் பெயரில் ஏறும். மாதக் கடைசியில் அந்தப் பெயரில் சேர்ந்த தொகையை வைத்துத்தான் டார்கெட்டும் இன்சென்டிவும். வேர் டச்-அப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விலை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனியர் பத்து நிமிடம் ஆலோசனை சொல்கிறார், நடுவில் ஒரு தடவை பார்க்கிறார், கடைசியில் ஐந்து நிமிடம் ஸ்டைலிங்கைச் சரி செய்கிறார். கலப்பது, வகிடு பிரித்துப் பூசுவது, அலசுவது, டிரையர் போடுவது எல்லாம் ஜூனியர். ஒரு மணி நேரத்துக்கு மேல். 10 சதவீத இன்சென்டிவ் என்றால் 150 ரூபாயும் சீனியர் கணக்கில் போகிறது. கலர் நன்றாக வந்தால் பெயரும் அவருக்கு, டிப்ஸும் அவருக்கு. கெட்டுப்போனால் மட்டும், “யார் போட்டது?” என்று கேட்டு ஜூனியர் பெயரைச் சொல்கிறார்கள்.

நல்லதில் பெயர் இல்லாமல், கெட்டதில் மட்டும் பெயர் வருகிற இந்தக் கணக்கு மாறாதவரை, எத்தனை சமாதானப் பேச்சு நடந்தாலும் மனக்கசப்பு தீராது.

இதில் பல உரிமையாளர்கள் ஒரு தப்பு செய்வார்கள். சீனியரின் 150 ரூபாயிலிருந்து வெட்டி ஜூனியருக்குக் கொடுப்பார்கள். அந்த நிமிடத்திலிருந்து சீனியர் யாரையும் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் விட மாட்டார். எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்வார், ஃபார்முலாவை மறைப்பார். இந்தக் கடையில் சீனியர் பங்கைத் தொடவில்லை. உரிமையாளர் தன் கையிலிருந்து 3 சதவீதம், அதாவது அந்த 1,500க்கு 45 ரூபாய், கலர் போட்டவருக்கு என்று ஒதுக்கினார். பில்லில் சீனியர் பெயருக்குக் கீழே ‘உதவி’ என்று இரண்டாவது பெயரும் அச்சாக ஆரம்பித்தது. அந்தப் பையன் முதல் பில்லை மொபைலில் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். 45 ரூபாய்க்காக யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள்.

பணம் செலவில்லாத மாற்றம் ஒன்றும் செய்தோம். சீனியர் வாடிக்கையாளரிடம் ஆலோசனை கேட்கும்போது ஜூனியரும் பக்கத்தில் நிற்பது. முடியைக் கையால் தொட்டுக் காட்டி, சீனியர் தன் வாயால் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவது: “இன்னிக்கு இவங்கதான் உங்களுக்குக் கலர் போடுவாங்க, நான் பக்கத்துலயே இருப்பேன்.” இதில் மரியாதையைத் தாண்டித் தொழில் காரணமும் இருக்கிறது. போன மாதம் மருதாணிப் பவுடர் போட்டது, வீட்டில் கறுப்புச் சாயம் அடித்தது போன்ற தகவல்கள் அந்த ஐந்து நிமிடத்தில்தான் வரும். அதைக் கேட்காமல் கிண்ணத்தோடு வரும் ஜூனியர், கண்ணைக் கட்டிக்கொண்டு பூசுவது மாதிரிதான்.

எது இதில் தீராது?

இந்த வழி எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. சீட்டு எழுதியும், திருப்பிப் படித்தும், ஒரே ஜூனியர் ஒரே தப்பை மூன்றாவது தடவை செய்தால், அவருக்குத் தேவை பயிற்சி. அவரைக் கொஞ்ச நாள் கலர் வேலையிலிருந்து எடுத்து, பொம்மைத் தலையில் வைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். சீட்டுகளைச் சேர்த்து வைத்தாலே இது தெரிந்துவிடும். ஒரே சீனியரின் நாற்காலியில் மட்டும் வெவ்வேறு ஜூனியர்கள் மாறி மாறித் தப்பு செய்கிறார்கள் என்றாலும் அதே சீட்டுகள் காட்டும். அப்போது பார்க்க வேண்டியது அந்தச் சீனியர் வேலை சொல்லும் விதத்தை.

தப்புக்குச் சம்பளத்தில் பிடிக்கும் பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. வீணான டியூப் விலை, வாடிக்கையாளருக்குத் திருப்பிய பணம் என்று ஜூனியர் தலையில் கட்டுவார்கள். விளக்கம் சொல்ல வாய்ப்பு தராமல் அபராதமோ சேதத்துக்கான பிடித்தமோ செய்யக் கூடாது என்று ஊதியச் சட்டமே சொல்கிறது. அபராதம் அந்தச் சம்பளக் காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது. சட்டத்தை விடுங்கள். பிடித்தம் வந்துவிட்டால் அடுத்த தப்பு மறைக்கப்படும். மறைக்கப்பட்ட கலவைத் தப்பு ஒருவர் தலையில்தான் போய் முடியும்.

இன்னொரு எல்லையும் உண்டு. கையை ஓங்குவது, சாதியைச் சொல்லித் திட்டுவது, பெண் ஊழியரிடம் தகாத முறையில் நடப்பது போன்றவற்றை ‘சண்டை சச்சரவு’ என்று சமாதானம் பேசி முடிக்கக் கூடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொந்தரவுப் புகாருக்கு உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே என் மாதிரி ஆளுக்கு வேலை இல்லை.

சீனியரும் அந்தப் பெண்ணும் இப்போதும் அதே கடையில்தான் இருக்கிறார்கள். நெருக்கமாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர் இன்னும் சிடுசிடுப்பார். அவளுக்கு இன்னும் முகம் சுருங்கும். போன மாதம் நான் போனபோது அவர் ஒரு சீட்டை எழுதி நீட்டினார். அவள் படித்துப் பார்த்துவிட்டு, “அண்ணா, எடுக்கிற நேரம் போடலை” என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி எழுதிக்கொடுத்தார்.

இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலானோர் நாற்காலியில் உட்காருகிறவர்கள். அடுத்த தடவை கலர் போட்டுக்கொண்டு பில் கவுன்ட்டருக்கு வரும்போது, உங்கள் தலையில் ஒரு மணி நேரம் பிரஷ் பிடித்து நின்றவர் பெயரைக் கேளுங்கள். நன்றாக இருந்தால் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள், கொஞ்சம் சத்தமாக.